பாஸ்புக்கில் விழும் வரிகளும் பையனின் பாக்கெட் மணிக் கணக்கும்

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. அவன் பேரில் சேவிங்ஸ் அக்கவுண்ட் தொடங்கி, மாதம் 1,500 ரூபாய் பாக்கெட் மணியை அதில்தான் போடுகிறேன். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்தால் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கும் பாதிதான் புரிகிறது. "காசு எங்கடா போச்சு" என்றால் "தெரியலம்மா" என்கிறான். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: இதில் இரண்டு வேலை கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பணம் எந்தத் தேதியில், எந்த வழியாக, எவ்வளவு போனது என்பதைப் பாஸ்புக் சொல்லும். எதற்காகப் போனது என்பது அதில் இருக்காது, இருக்கவும் முடியாது. அதை உங்கள் மகன்தான் தனியாக எழுதி வைக்க வேண்டும். பாஸ்புக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "எங்கே போச்சு" என்று கேட்டால், அந்தப் பிள்ளை "தெரியல" என்று சொல்வது பெரும்பாலும் பொய்யில்லை. வங்கிக் கிளையில் கவுண்டரிலும் பிறகு அதிகாரியாகவும் இருந்தவன் நான். பெற்றோர் இந்த இடத்தில்தான் பிள்ளைகளோடு சண்டை போடுவார்கள், அதுவும் எங்கள் கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டே.

முதலில் பாஸ்புக்கைப் பார்ப்போம். வங்கியின் லெட்ஜரில் உங்கள் மகன் பேருக்கு ஒரு பக்கம் உண்டு. அதன் நகல்தான் அவன் கையில் இருப்பது. எழுதியது வங்கி, எழுதிய கோணமும் வங்கியுடையது. அவன் பணம் போட்டால் வங்கி அவனுக்குக் கடன்பட்டிருக்கிறது, அதனால் அது கிரெடிட். எடுத்தால் அந்தக் கடன் குறைகிறது, அதனால் டெபிட். பேலன்ஸ் எண்ணுக்குப் பின்னால் CR என்று ஒட்டிக்கொண்டிருப்பதற்கும் இதுதான் அர்த்தம்: இவ்வளவு பணம் வங்கி உனக்குத் தர வேண்டியிருக்கிறது. பையன் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் எடுக்கப் போகிறான் என்றால் இதை இப்போதே சொல்லி வையுங்கள். தன் ஏட்டில் வங்கியில் போட்ட பணத்தை டெபிட் பக்கம் எழுதச் சொல்வார்கள், பாஸ்புக்கில் அதே பணம் கிரெடிட்டில் நிற்கும், பிள்ளைகள் அங்கே குழம்பிப்போவார்கள்.

சொல்லிக்கொடுப்பதை இடது பக்க எழுத்துகளிலிருந்து தொடங்காதீர்கள். வலது ஓரத்து பேலன்ஸ் பத்தியிலிருந்து தொடங்குங்கள். மேல் வரியின் பேலன்ஸ், அதோடு இந்த வரியின் வரவைக் கூட்டு, அல்லது பற்றைக் கழி, இந்த வரியின் பேலன்ஸ் வருகிறதா பார். ஒரு பக்கம் முழுக்க அவனே பென்சிலால் டிக் அடித்துக்கொண்டு வரட்டும். வங்கி கூட்டலில் தப்பு செய்யாது, உண்மைதான். தப்பு கண்டுபிடிப்பதற்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. எந்தப் பத்தி கூட்டுவது, எது கழிப்பது என்பது கைக்குப் பழகிவிட்டால், அதற்கப்புறம் புரியாத எழுத்துகளைப் பார்த்து அவன் மிரள மாட்டான். எழுத்து புரியாவிட்டாலும் பணம் உள்ளே வந்ததா வெளியே போனதா என்பது தெரிந்துவிடும்.

இனி ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். என் தங்கை மகன் பத்தாவது படிக்கிறான், அவனுக்கும் மாதம் 1,500 ரூபாய்தான். அவனுடைய ஒரு செப்டம்பர் மாதப் பக்கம் இது. பெயர்களை எடுத்துவிட்டு, நீள எண்களில் கடைசி நான்கை மட்டும் விட்டிருக்கிறேன்.

```
       B/F                                640.00
01-09  UPI/CR/..3310            1500.00  2140.00
04-09  UPI/DR/..7702     60.00           2080.00
06-09  ATM WDL          500.00           1580.00
13-09  UPI/DR/..1195    900.00            680.00
13-09  UPI/CR/..2046             300.00   980.00
15-09  UPI/CR/..6618             300.00  1280.00
22-09  UPI/DR/..8841    120.00           1160.00
24-09  UPI/CR/..8841             120.00  1280.00
25-09  CREDIT INTEREST             4.00  1284.00
27-09  SMS CHRG          17.70           1266.30
```

B/F என்பது முந்தைய பக்கத்திலிருந்து கொண்டுவந்த இருப்பு. அது வரவு அல்ல. இதைப் புதிதாக வந்த பணம் என்று நினைத்துக் கூட்டிவிடும் பிள்ளைகள் நிறைய உண்டு. UPI வரிகளில் DR இருந்தால் போனது, CR இருந்தால் வந்தது. நடுவில் இருப்பது 12 இலக்கப் பரிவர்த்தனை எண், இதே எண் போனில் இருக்கும் ஆப்பிலும் இருக்கும். ATM WDL ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம். இந்தச் சுருக்கெழுத்துகள் வங்கிக்கு வங்கி மாறும். ஒரு வங்கி WDL TFR என்று போடும், இன்னொன்று TO TRANSFER என்று போடும். ஆகவே பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதில் பயனில்லை. உங்கள் கிளையின் பாஸ்புக்கில் திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டு எழுத்துகள்தான். அவற்றைப் பாஸ்புக்கின் பின்னட்டை உள்பக்கத்தில் அவனையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். புரியாத வரி ஏதாவது இருந்தால் கவுண்டரில் கேட்கத் தயங்க வேண்டாம். வாடிக்கையாளருக்கு விளங்காத என்ட்ரிகளைப் போடக் கூடாது, யாருக்குப் போனது, எந்த வழியில் போனது, கட்டணம் என்றால் என்ன கட்டணம் என்ற விவரம் சுருக்கமாகவாவது இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூனில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது.

UPI வரிகளில் இன்னொரு தலைவலி பெயர். கடைக்கு வெளியே போர்டில் ஒரு பெயர் இருக்கும், பாஸ்புக்கில் கடைக்காரரின் சொந்தப் பெயர் வரும், அதுவும் பாதியில் வெட்டுப்பட்டு. பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் யாருக்குமே ஞாபகம் வராது. பணம் அனுப்பும்போது ஆப்பில் குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கிறது அல்லவா, அதில் "நோட்டு", "டர்ஃப்" என்று ஒரு சொல் ஆங்கில எழுத்திலாவது போட்டுவிட்டால், பல வங்கிகளில் அது வரியின் கடைசியில் வந்து நிற்கும். ஒன்றும் எழுதாவிட்டால் Payment fr என்று பொதுவாக ஏதோ ஒன்று விழும். அது யாருக்கும் உதவாது. குறிப்பு போடும் பழக்கம் பையனுக்கு வரவே இல்லை என்றாலும் பரவாயில்லை, அன்றைக்கே நோட்டில் எழுதினால் போதும்.

நோட்டு என்றதும் வகை வகையாகப் பத்தி பிரித்து, கலர் கலராகக் கோடு போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட நோட்டு இரண்டாவது வாரம் அலமாரிக்குப் போய்விடும். ஒரு சின்னப் பாக்கெட் நோட்டு, இடது பக்கம் வங்கி, வலது பக்கம் கைக்காசு. அவ்வளவுதான். வங்கிப் பக்கத்தில் அக்கவுண்ட்டில் வந்ததும் போனதும், கைக்காசுப் பக்கத்தில் ரொக்கமாக வந்ததும் போனதும். ஏடிஎம்மில் 500 எடுத்தால் அது இடது பக்கம் கழித்தல், அதே தேதியில் வலது பக்கம் கூட்டல். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். ஏடிஎம்மில் எடுத்தது செலவு அல்ல, பணம் இடம் மாறியது, அவ்வளவே. பெரியவர்களே இதில் சறுக்குவார்கள். "இந்த மாசம் ஏடிஎம்மில் ஐயாயிரம் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, அதைச் செலவு என்றே வைத்துக்கொள்வார்கள்.

தங்கை மகனுடைய நோட்டில் அந்த மாதம் வங்கிப் பக்கத்தில் கடைசியாக 1,280 என்று இருந்தது. அவனுக்குத் தெரிந்தவை தொடக்க இருப்பு 640, அம்மா போட்ட 1,500, நோட்டும் பேனாவும் 60, ஏடிஎம் 500, விளையாட எடுத்த டர்ஃப் மைதானத்துக்கு 900, நண்பர்கள் இருவர் திருப்பிக் கொடுத்த 600. கணக்கு சரிதான். ஆனால் பாஸ்புக் 1,266.30 என்கிறது. வித்தியாசம் 13.70. இந்த இடத்தில் நான் அவனிடம் விடையைச் சொல்லவில்லை. பாஸ்புக்கையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருக்கும் வரிகளுக்கு டிக் போடச் சொன்னேன். டிக் விழாமல் மிஞ்சியவை பாஸ்புக்கின் கடைசி நான்கு வரிகள். அவற்றில் 120 போனதும் 120 வந்ததும் ஒன்றையொன்று அடித்துவிடும். மீதி இருப்பது வட்டி 4 ரூபாய் வரவு, எஸ்எம்எஸ் கட்டணம் 17.70 பற்று. 17.70-இலிருந்து 4 போனால் 13.70. வித்தியாசம் முழுவதும் கிடைத்துவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் வரும். அதன் சாரம் இந்தப் பதிமூன்று ரூபாய் எழுபது காசுக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த நான்கு வரிகளையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக அக்கவுண்ட் வைத்திருக்கும் பிள்ளைகள் தடுமாறுவது இவற்றில்தான். 22-ஆம் தேதி ஒரு ஸ்டேஷனரி கடையில் 120 ரூபாய்க்கு ஸ்கேன் செய்திருக்கிறான். ஆப்பில் பேமென்ட் தோல்வி என்று வந்தது, கடைக்காரரின் ஸ்பீக்கரும் பேசவில்லை. கையிலிருந்த காசைக் கொடுத்துவிட்டு வந்தான். ஆனால் அக்கவுண்ட்டில் பணம் கழிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தானாகவே திரும்பி வந்தது. போன வரியிலும் வந்த வரியிலும் கடைசி நான்கு எண் 8841 என்று ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். யாரோ புதிதாக 120 அனுப்பவில்லை, அதே பணம் திரும்பியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சில வங்கிகள் REV என்று தனியாகவும் போடும். இப்படிச் சிக்கிய பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்பதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்தது. ஆளுக்கு ஆள் அனுப்பும் UPI என்றால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாளுக்குள், ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் அதற்கும் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி ஈடு தர வேண்டும். ஆகவே தோல்வியான பேமென்ட்டைப் பையன் நோட்டில் கட்டாயம் எழுத வேண்டும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. பணம் திரும்பிய நாளில் கேள்விக்குறியை அடித்துவிடலாம். ஆறாவது நாளும் அது நின்றுகொண்டிருந்தால் அந்த 12 இலக்க எண்ணை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகலாம்.

வட்டி என்ட்ரி எந்தத் தேதியில் வரும் என்பது வங்கியைப் பொறுத்தது. பல வங்கிகளில் காலாண்டுக்கு ஒருமுறை. 2010 ஏப்ரலிலிருந்து வங்கிகள் சேமிப்புக் கணக்குக்கு ஒவ்வொரு நாளின் இருப்புக்கும் வட்டி கணக்கிடுகின்றன. அதற்கு முன் மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையே எது குறைந்த இருப்போ அதற்கு மட்டும்தான் வட்டி. தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் இன்றும் அந்தப் பழைய முறைதான். தங்கை மகனுக்கு அந்தக் காலாண்டின் 92 நாளுக்குச் சராசரி இருப்பு ஏறக்குறைய 640 ரூபாய். ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால்,

```
640 × 2.5/100 × 92/365 = 4.03
```

வங்கி முழு ரூபாயாக்கி 4 போட்டிருக்கிறது. இதை அவனே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தபோது "மூணு மாசத்துக்கு நாலு ரூபாயா?" என்று முகத்தைச் சுளித்தான். சுளிக்கட்டும். சேமிப்புக் கணக்கில் பணம் பெருகாது, பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான் என்பது அவனுக்கு அன்றைக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

17.70-ஐப் பாருங்கள். கடையில் யாரும் 17 ரூபாய் 70 காசுக்குப் பொருள் விற்க மாட்டார்கள். வங்கிக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறுவதால்தான் இப்படி ஒட்டாத எண்கள் வரும். 15 ரூபாய் கட்டணம் 17.70 ஆகும், 100 என்பது 118 ஆகும், 200 என்பது 236 ஆகும். புரியாத ஒரு பற்று வரியில் தொகை விசித்திரமாக இருந்தால் அதை 1.18-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உருண்டையான எண் வந்தால் பெரும்பாலும் அது வங்கிக் கட்டணம்தான். இது உறுதியான விதி அல்ல, நல்ல துப்பு என்று மட்டும் சொல்வேன். எந்தக் கட்டணம் யாருக்கு உண்டு, சிறார் கணக்குக்குத் தள்ளுபடி உண்டா என்பது வங்கிக்கு வங்கி வேறு. டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம் இரண்டையும் உங்கள் கிளையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அறியாமல் வரவழைத்துக்கொள்ளும் கட்டணம் ஒன்று இருக்கிறது: ஏடிஎம். சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசம், மற்ற வங்கி ஏடிஎம்மில் சென்னை மாதிரிப் பெருநகரங்களில் மூன்று, மற்ற ஊர்களில் ஐந்து. அதற்கு மேல் போனால் 2025 மே முதல் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை வாங்கலாம், ஜிஎஸ்டியோடு 27.14. பணம் எடுக்காமல் பேலன்ஸ் மட்டும் பார்த்தாலும் அந்த எண்ணிக்கையில் ஒன்று கழிந்துவிடும். பள்ளி வாசலில் இருக்கும் வேறு வங்கி ஏடிஎம்மில் சும்மா பேலன்ஸ் பார்க்கும் பழக்கம் பையன்களுக்கு உண்டு, கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கைக்காசுப் பக்கத்துக்கு வருவோம். தங்கை மகன் கையில் ஏடிஎம் 500-உம், தாத்தா கொடுத்த 200-உம் சேர்ந்து 700 வந்தது. அவன் எழுதி வைத்த ரொக்கச் செலவு 430, அந்த 120-உம் சேர்த்து. அப்படியென்றால் 270 மிஞ்ச வேண்டும். பர்ஸைக் கவிழ்த்து எண்ணினால் 215 தான் இருந்தது. 55 ரூபாய் காணோம். கொஞ்சம் யோசித்து, ஜெராக்ஸ் எடுக்க 40 கொடுத்தது ஞாபகம் வந்தது. மீதி 15 ஞாபகமே வரவில்லை. இங்கே பெற்றோர் செய்யும் ஒரு காரியம் பிள்ளையைப் பொய் எழுதப் பழக்கிவிடும்: "நல்லா யோசி, என்ன வாங்கினே, சொல்லு" என்று நெருக்குவார்கள். அவனும் "பப்ஸ் சாப்பிட்டேன்" என்று எதையாவது எழுதிவிடுவான். அதற்கப்புறம் அந்த நோட்டுக்கு மதிப்பில்லை. "கணக்கில் வராதது 15" என்று அப்படியே எழுதச் சொல்லுங்கள். வங்கியிலேயே விடை தெரியாத வித்தியாசத்தை மறைக்க மாட்டோம், சஸ்பென்ஸ் என்று தனியாக ஒரு கணக்கில் வைத்துவிட்டு, விடை கிடைக்கும்போது எடுப்போம். பையனுக்கும் அந்தச் சலுகை இருக்க வேண்டும். அந்தத் தொகை மாதா மாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் நீங்கள் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் ஒன்று எழுதுவதில் சோம்பல், இல்லையென்றால் சொல்ல விரும்பாத செலவு. எது என்று நோட்டு சொல்லாது, அதை நீங்கள்தான் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவன் அம்மா, அதாவது என் தங்கை, பாஸ்புக்கின் பற்றுப் பத்தியை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு "ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தா ஆயிரத்து அறுநூறு செலவு பண்ணியிருக்கான்" என்று சத்தம் போட்டாள். பத்தியின் கூட்டல் 1,597.70, அது சரிதான். ஆனால் அதில் டர்ஃபுக்குக் கொடுத்த 900 மூன்று பேருக்கானது. அவன் பங்கு 300. மீதி 600 நண்பர்களின் பணம், அவன் கணக்கு வழியாக வந்து போனது. 120 திரும்பி வந்துவிட்டது. ஏடிஎம் 500 செலவல்ல, கைக்காசுப் பக்கத்துக்குப் போன பணம். உண்மையான செலவு, நோட்டும் பேனாவும் 60, டர்ஃப் 300, வங்கிக் கட்டணம் 17.70, ரொக்கமாக 485. மொத்தம் 862.70. கிட்டத்தட்ட பாதி.

இது சரிதானா என்று எப்படி உறுதி செய்வது? வேறு வழியாக ஒரு முறை கூட்டிப் பார்க்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் அவனிடம் இருந்தது வங்கியில் 640, கையில் ஒன்றுமில்லை. உண்மையான வரவு அம்மா 1,500, தாத்தா 200, வட்டி 4, ஆக 1,704. இரண்டையும் கூட்டி 862.70 செலவைக் கழித்தால் 1,481.30. மாதக் கடைசியில் பாஸ்புக்கில் 1,266.30, பர்ஸில் 215. கூட்டினால் அதே 1,481.30. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்த நிமிடத்தில் என் தங்கை அமைதியாகிவிட்டாள். பையனுக்குக் கொஞ்சம் தெனாவட்டு வந்தது, வரட்டும்.

ஆகவே மாதம் ஒரு நாள், கடைசி ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த இரண்டு சரிபார்ப்பையும் அவனே செய்யட்டும்: நோட்டின் வங்கிப் பக்கம் பாஸ்புக்கோடு சேர்கிறதா, கைக்காசுப் பக்கம் பர்ஸோடு சேர்கிறதா. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதற்கு முன் மெஷினில் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வர வேண்டும். மாதா மாதம் போட்டுவிடுவது நல்லது, பல மாதம் விட்டால் சில வங்கிகளில் பழைய வரிகள் தனித்தனியாக வராமல் மொத்தமாகச் சேர்ந்து ஒரே வரியாக விழும், அப்போது டிக் போட ஒன்றும் இருக்காது. ஆப்பில் எல்லாம் தெரிகிறதே, பாஸ்புக் எதற்கு என்று அவன் கேட்கலாம். ஆப்பில் பார்ப்பதும் சரிதான். என் அபிப்பிராயம், அதற்கு ஆதாரம் என் அனுபவம் மட்டுமே: முதல் ஆறு மாதம் காகிதத்தில் பென்சிலோடு உட்கார்ந்த பிள்ளைகள் பிற்பாடு எந்த ஸ்டேட்மென்ட்டையும் சுலபமாகப் படித்துவிடுகிறார்கள். வரி வரியாக விசாரணை மட்டும் வேண்டாம். சரிபார்த்த இரண்டு எண்ணையும் "கணக்கில் வராதது" எவ்வளவு என்பதையும் அவன் காட்டினால் போதும், டர்ஃபுக்கு எதற்கு 300 என்பது வேறு நாளைக்கான பேச்சு.

இரண்டு வகை வரிகளுக்கு மட்டும் மாதக் கடைசி வரை காத்திருக்கக் கூடாது. ஒன்று, அவன் செய்யாத பற்று. பார்த்த உடனே வங்கிக்குச் சொல்ல வேண்டும், மோசடி என்று தோன்றினால் 1930 எண்ணுக்கும் அழைக்க வேண்டும். அவன் பக்கமும் வங்கிப் பக்கமும் தவறில்லாமல் வேறு எங்கோ நடந்த கோளாறு என்றால், தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் அவனுக்கு நஷ்டம் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. பின் எண்ணையோ ஓடிபியையோ அவனே யாருக்காவது சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவனோடதுதான், தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. இரண்டாவது, தெரியாத இடத்திலிருந்து வந்த வரவு. இது பற்றைவிட ஆபத்து என்று பிள்ளைகளுக்குத் தோன்றவே தோன்றாது. "தப்பா அனுப்பிட்டேன் தம்பி, இந்த நம்பருக்குத் திருப்பிப் போடு" என்று போன் வரும். அவன் திருப்பி அனுப்பக் கூடாது, செலவும் செய்யக் கூடாது, உங்களிடம் காட்ட வேண்டும், நீங்கள் கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும், வங்கி வழியாகவே அது திரும்பட்டும். திருட்டுப் பணத்தைக் கை மாற்றிவிட மாணவர்களின் கணக்கைப் பயன்படுத்தும் கும்பல்கள் இருக்கின்றன. "உன் அக்கவுண்ட்ல போட்டுக்கிறேன், எடுத்துக் குடு, ஆயிரம் தரேன்" என்று சீனியர் பையன் யாராவது கேட்டாலும் அதேதான். கணக்கு முடக்கப்பட்டால் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரனின் வீட்டுக்குத்தான்.

கடைசியாகக் கணக்கின் வகையைப் பற்றி. பத்து வயது நிரம்பிய பிள்ளைகள், வங்கி வைக்கும் வரம்புக்குள், தாங்களே கணக்கு தொடங்கி இயக்கலாம் என்று 2025 ஏப்ரல் 21 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் மகனுடையது அப்படிப்பட்டதா, நீங்கள் கார்டியனாகக் கையெழுத்துப் போடுவதா என்பது பாஸ்புக்கின் முதல் பக்கத்திலேயே இருக்கும். எப்படி இருந்தாலும் சிறார் கணக்கில் ஓவர்டிராஃப்ட் கிடையாது, இருப்பு எப்போதும் வரவில்தான் இருக்க வேண்டும். பதினெட்டு முடிந்ததும் புதிதாகக் கையெழுத்து மாதிரியும் கேஒய்சி ஆவணங்களும் கேட்பார்கள், பிறந்தநாள் நெருங்கும்போது போய்க் கொடுத்துவிடுங்கள், கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரத்தில் கணக்கு நின்றுபோனால் அலைச்சல். அதற்குள் இந்தப் பாஸ்புக் நிரம்பிவிடும். புதியது வாங்கும்போது பழையதை எறியாமல் வைத்திருங்கள், புதிய புத்தகத்தின் B/F வரி பழையதின் கடைசி பேலன்ஸோடு பொருந்துகிறதா என்று பார்த்து, அங்கேயும் அவன் கையால் ஒரு டிக் போடட்டும்.